ஆறா, எட்டா? தோற்ற ஆட்டமொன்றின் ஸ்கோர் ஷீட்

பாடசாலைப் போட்டியொன்றில் ஒன்பதே நகர்வுகளில் தோற்ற மாணவன் ஒருவனின் ஸ்கோர் ஷீட், அவனது அம்மாவின் வட்ஸ்அப்பிலிருந்து வந்தது. ‘எங்க பிழை விட்டவன் எண்டு பாத்துச் சொல்லுங்கோ’ என்பதுதான் செய்தி. ஊரில் பயிற்றுநர் இல்லை. இந்தப் படம்தான் அவனுக்கு வகுப்பு.

எழுத்து மங்கிய காபன் பிரதி அது. பலகையில் காய்களை அடுக்கி, ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தேன். அவனுக்குக் கறுப்புக் காய்கள்.

1.e4 e5 2.Nf3 Nc6 3.Bc4 Nf6 4.Ng5 d5 5.exd5 Nxd5 6.Nxf7 Kxf7 7.Qf3+

வெள்ளை ஒரு குதிரையைப் பலி கொடுத்து, கறுப்பு ராஜாவை வெளியே இழுத்திருக்கிறது. 400 வருடங்களுக்கு மேலாக அறியப்பட்ட தாக்குதல் இது. அடுத்த நகர்வுதான் படத்தில் தெளிவில்லை: Ke6 ஆ, Ke8 ஆ?

இப்படியான இடத்தில் ஊகிக்கக் கூடாது. பின்னால் வரும் நகர்வுகளைக் கேட்க வேண்டும். அவை 8.Bxd5 Nd4 9.Qf7 என்று இருந்தன. ராஜா e6 இல் நின்றிருந்தால் மந்திரி d5 இல் வெட்டியதே செக். அதைக் கவனியாமல் குதிரையை d4 க்கு நகர்த்த விதி இடந்தராது. ஆகவே அது Ke8. அந்தக் குதிரை ராணியை மிரட்டியது உண்மைதான். ஆனால் ராணி f7 க்கு வந்ததும் மேட்.

பையன் தன் பிழை Nd4 என்றே நம்பினான். அதற்குப் பதில் 8...Qf6 ஆடியிருந்தால் மேட் இல்லை. ஒரு சிப்பாய் குறைவோடும் சிதறிய சிப்பாய்களோடும் ஆட்டம் தொடர்ந்திருக்கும். ஆனால் உண்மையான திருப்பம் அதற்கு முந்திய நகர்வு. d5 இல் நின்ற குதிரையை வெள்ளையின் மந்திரியும் ராணியும் சேர்ந்து குறிவைத்தன. காவலுக்கு இருந்தது கறுப்பு ராணி மட்டும். 7...Ke6 ஆடியிருந்தால் ராஜாவே இரண்டாவது காவலாகியிருக்கும். 8.Nc3 வந்தால் 8...Ncb4 என்று மற்றக் குதிரையும் காவலுக்கு வரும். ராஜா பலகை நடுவில் நிற்பது பயங்கரம்தான், ஆனால் கையில் ஒரு குதிரை கூடுதல். ஏன் e8 என்று கேட்டேன். ‘ராஜாவ வீட்ட அனுப்பினா பாதுகாப்பு எண்டு நினைச்சன்’ என்றான்.

அந்தச் சிக்கலுக்கே போகாமலும் இருந்திருக்கலாம். ஐந்தாம் நகர்வில் சிப்பாயை உடனே திருப்பி வெட்டாமல் 5...Na5 ஆடினால் வெள்ளை மந்திரி அடிபடும் நிலையில் இருக்கும். 6.Bb5+ c6 7.dxc6 bxc6 என்று போனால் கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. பதிலுக்குக் காய்கள் வேகமாக வெளியே வரும், ராஜாவும் அசையாது. வெட்டியதைத் திருப்பி வெட்டுவது பழக்கம் என்பதால் இந்த நகர்வு பலருக்குத் தோன்றுவதில்லை.

இரண்டு நகர்வுகளை மட்டும் வட்டமிட்டு அனுப்பினேன்: ஐந்தும் ஏழும். கூடவே ஒரு வேண்டுகோள்: அடுத்த ஆட்டத்தில் 6 ஐயும் 8 ஐயும் கொஞ்சம் பெரிதாக எழுதட்டும்.