சட்டையை மட்டும் மாற்றச் சொன்னால் கூந்தலும் மாறுவது ஏன்?

பச்சை சுடிதார் அணிந்த ஒரு பெண் தன் வீட்டின் நீலச் சுவர் முன் நிற்கிறார். கூந்தல் தோளில் விரிந்து கிடக்கிறது. அந்தப் படத்தை ஏஐ செயலியிடம் கொடுத்து, “வெள்ளை காலர் சட்டை போட்டுவிடு” என்கிறார். சட்டை வந்துவிடுகிறது. ஆனால் கூந்தல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது, சுவர் இருந்த இடத்தில் கண்ணாடி ஜன்னல் வைத்த ஆபீஸ் தெரிகிறது. பலருக்கும் நேரும் இந்தச் சிக்கலுக்கான காரணங்களையும் தீர்வையும் பார்ப்போம்.

சட்டையைத்தானே கேட்டோம், கூந்தலில் ஏன் கை வைக்கிறது?

இத்தகைய செயலிகளில் பல, பழைய படத்தில் சட்டையை மட்டும் வெட்டி ஒட்டுவதில்லை. படம் முழுவதன் மேலும் புள்ளிப் புள்ளியாக இரைச்சலைத் தூவி, அதைப் படிப்படியாக நீக்கியபடியே புதிய படத்தை உருவாக்குகின்றன. நாம் எழுதிய வாக்கியம் ஒவ்வொரு படியிலும் வழிகாட்டுகிறது. ஆகவே, மாறாததுபோல் தெரியும் கூந்தலும் சுவரும்கூடப் புதிதாக வரையப்பட்டவைதான். பழையதைப் போலவே அமைந்தால் நாம் கவனிப்பதில்லை, விலகினால் கண்ணில் படுகிறது.

சரி, ஆபீஸ் எங்கிருந்து வந்தது?

பயிற்சிப் படங்களிலிருந்து. விளக்கக் குறிப்புகளோடு கூடிய கோடிக்கணக்கான படங்களைப் பார்த்து, எதனுடன் எது சேர்ந்து வரும் என்று செயலி கற்றிருக்கிறது. வெள்ளை காலர் சட்டை உள்ள படங்களில் ஆபீஸும் வாரிக் கட்டிய தலைமுடியும் அடிக்கடி இருந்தால், சட்டையைக் கேட்டதும் அவையும் கூடவே வருகின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. வாக்கியத்தால் படத்தைத் திருத்தும் ‘இன்ஸ்ட்ரக்ட்பிக்ஸ்2பிக்ஸ்’ என்ற முறையை பெர்க்லி ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். அதைப் பழக்க, ‘திருத்தும் முன்’, ‘திருத்திய பின்’ என்று லட்சக்கணக்கான ஜோடிப் படங்கள் தேவைப்பட்டன. அவற்றையும் கணினியே உருவாக்கியது. அப்படிப்பட்ட ஜோடிகளில் கேட்காத மாற்றங்கள் கலந்திருந்தால், செயலி அவற்றையும் சேர்த்தே கற்றுக்கொள்ளும்.

‘வேறெதையும் மாற்றாதே’ என்று எழுதினால் போதாதா?

ஓரளவு உதவும். ‘தோளில் விரிந்த கூந்தல், நீலச் சுவர் அப்படியே இருக்கட்டும்’ என்று இருக்க வேண்டியவற்றைப் பெயர் சொல்லி எழுதுவது இன்னும் நல்லது. ஆனாலும் அந்த வாக்கியம் செயலியை ஒரு பக்கமாக இழுக்குமே தவிர, படத்தின் எந்தப் பகுதியையும் பூட்டி வைக்காது.

சில மென்பொருள்களில் `Denoising strength` என்ற அளவு 0 முதல் 1 வரை இருக்கும். எவ்வளவு இரைச்சலைத் தூவுவது என்பதை அது தீர்மானிக்கிறது. அதைக் குறைத்தால் கூந்தல் தப்பிக்கும், ஆனால் சுடிதாரின் பச்சையும் போகாமல் தங்கிவிடும். கூட்டினால் பச்சை போகும், கூடவே கூந்தலும் போகும். ஒரே அளவு படம் முழுவதற்கும் பொருந்துவதால் வரும் இக்கட்டு இது.

அப்படியானால் பூட்டுவது எப்படி?

மாற்ற வேண்டிய இடத்தை மட்டும் தூரிகையால் பூசிக் காட்டும் ‘மாஸ்க்’ வசதி பல செயலிகளில் உண்டு. சுடிதாரின் மேல்பகுதியை மட்டும் பூசுங்கள். புதிய காலருக்கு இடம் வேண்டும் என்பதால் கழுத்தருகே கொஞ்சம் தாராளமாகவே பூசலாம். பழைய கழுத்து வெட்டை ஒட்டி இறுக்கமாகப் பூசினால் காலர் அந்த வடிவத்துக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். துணியின் மேல் விழுந்திருக்கும் முடியைப் பூசாமல் விடுங்கள். பூசினால் அதுவும் புதிதாக வரையப்படும். இப்போது அளவைத் தாராளமாகக் கூட்டலாம். மாற்றம் பூசிய எல்லைக்குள் அடங்கும்.

மாஸ்க் போட்ட பிறகும் முகம் லேசாக மாறியதுபோல் இருக்கிறதே?

அது பிரமை அல்ல. ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற செயலிகள் படத்தை முதலில் சுருக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குகின்றன. அதன் தொடக்கப் பதிப்புகளில் 512-க்கு 512 புள்ளிகள் உள்ள ஒரு படம், 48-இல் ஒரு பங்கு எண்களாகச் சுருங்கும். திரும்ப விரிக்கும்போது கண்ணிமை முடி, பொடி எழுத்து போன்றவை சற்றுச் சிதையும்.

இதற்குத் தீர்வு, ‘கிம்ப்’ போன்ற மென்பொருளில் அசல் படத்தைக் கீழேயும் புதியதை மேலேயும் அடுக்கி, மேலடுக்கில் சட்டையை மட்டும் விட்டுவிட்டு மீதியை மறைப்பது. முகமும் சுவரும் அசலிலிருந்தே வரும். அடுக்கு முறையை `Difference` என்று மாற்றிப் பார்த்தால், இரண்டும் ஒத்த இடம் கறுப்பாகவும் மாறிய இடம் வெளிச்சமாகவும் தெரியும். சட்டைக்கு வெளியே வெளிச்சம் இருந்தால் அங்கே ஏதோ மாறியிருக்கிறது.

சட்டை சரியாக வராமல் மறுபடி முயன்றால், ஒவ்வொரு முறையும் அசல் படத்திலிருந்தே தொடங்குங்கள். திருத்திய படத்தையே மீண்டும் திருத்தினால் இந்தச் சிதைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, சில சுற்றுகளில் முகமே வேறொருவருடையதுபோல் ஆகிவிடக்கூடும்.