பாக்கி 18,000: கோர்ட்டா, சமரசமா?

மாப்பிள்ளைச் சம்பா அரிசி வாங்கிய வியாபாரி எனக்கு 18,000 ரூபாய் பாக்கி வைத்தார். "கோர்ட்டுல போடு, விடாத"ன்னாங்க ஊர்ல. கணக்குப் போட்டேன். வக்கீலுக்கு 6,000. பத்து வாய்தாவுக்குக் கூலி இழப்பும் பஸ்ஸும் சேர்த்து 6,000. ஜெயிச்சாலும் மிச்சம் 6,000தான்; அதுவும் அவர் கொடுத்தால்.

அதனால் தாலுகா சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தேன். கட்டணம் கிடையாது, ஆனா எதிராளியும் வந்து ஒத்துக்கணும். வந்தார். மக்கள் நீதிமன்றத்தில் 13,000, இரண்டு தவணை என்று முடிந்தது. அந்த உத்தரவு கோர்ட் தீர்ப்புக்குச் சமம். தவணை தவறினால் நிறைவேற்று மனு போடலாம்.

ஒண்ணு கவனிங்க. கெடு பேசாமல் கொடுத்த சரக்குக்கு, கொடுத்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போடணும். பேச்சு இழுத்தால், அதற்குள் "இவ்வளவு பாக்கி" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிடுங்க. அன்றிலிருந்து மறுபடி 3 வருஷம் கிடைக்கும்.