லிஃப்ட் ஓரத்தில் இருந்தால் கட்டடம் ஏன் திருகுகிறது?

1972 டிசம்பர் 23, நள்ளிரவு கடந்து அரை மணி நேரம். நிகராகுவா நாட்டின் தலைநகர் மனாகுவாவை ஒரு நிலநடுக்கம் உலுக்கியது. அதன் அளவு 6.2. உலகக் கணக்கில் இது பெரிய நடுக்கமல்ல. ஆனால் நகரத்துக்கு நேர் கீழே, அதிக ஆழமில்லாத இடத்தில் நிகழ்ந்ததால் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். நகரின் மையப்பகுதி குலைந்துபோனது.

அந்த இடிபாடுகளுக்கு நடுவே உயரமான இரண்டு வங்கிக் கட்டடங்கள் சாலைக்கு இருபுறமும் நின்றன. ஒன்று 15 மாடிகள் கொண்ட மத்திய வங்கி, பாங்கோ சென்ட்ரால். மற்றது 18 மாடிகள் கொண்ட பாங்கோ தே அமெரிக்கா. மண் ஒன்றுதான், அதிர்வும் ஒன்றுதான், இரண்டும் கான்கிரீட் கட்டடங்கள்தான். உயரமான கட்டடம் சில விரிசல்களோடு தப்பித்தது. உயரம் குறைந்த மத்திய வங்கியோ மீட்கவே முடியாத அளவுக்குச் சேதமடைந்தது. அதன் மேல்மாடிகளைப் பின்னர் இடித்து அகற்றினார்கள். நிலநடுக்கப் பொறியியல் வகுப்புகளில் இந்த ஜோடியைக் காட்டாத ஆசிரியர் அபூர்வம். கிறிஸ்டோபர் அர்னால்டும் ராபர்ட் ரீதர்மனும் 1982-இல் எழுதிய நூலில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்ட பிறகு, கட்டடக்கலைஞர்களுக்கும் இந்தக் கதை பழக்கமாகிவிட்டது.

வித்தியாசம் தரைத்தள வரைபடத்திலேயே தெரிகிறது. பாங்கோ தே அமெரிக்காவின் நடுவில் நான்கு கான்கிரீட் சுவர்க் கூடுகள் சதுரமாக, ஒன்றுக்கொன்று சமமாக நின்றன. மத்திய வங்கியில் லிஃப்ட்டும் படிக்கட்டும் அடங்கிய கனத்த கான்கிரீட் சுவர்கள் கட்டடத்தின் ஒரு கோடியில் ஒதுங்கியிருந்தன. போதாதற்கு, அதே மேற்குக் கோடியில் தூண்களுக்கு நடுவே கட்டுவேலைச் சுவரும் எழுப்பியிருந்தார்கள். மற்ற பக்கங்களில் மெல்லிய தூண்களும் ஜன்னல்களும்தான். ஒரு கோடி கல்லாகவும் மறுகோடி கம்பாகவும் இருந்த கட்டடம் அது.

நிலம் ஆடும்போது ஒரு மாடியின் மீது விழும் விசை எங்கே விழுகிறது என்பதுதான் முதல் கேள்வி. யாரும் வெளியிலிருந்து தள்ளுவதில்லை. அஸ்திவாரம் நகர, மேலே இருக்கும் எடை நகர மறுக்கிறது. அந்த மறுப்புதான் விசை. ஆகவே அது எடை சராசரியாகக் குவிந்திருக்கும் புள்ளியில், நிறை மையத்தில் விழுகிறது. தளம், சாமான்கள், ஆட்கள் எல்லாம் ஏறக்குறைய சீராகப் பரவியிருப்பதால், செவ்வகக் கட்டடத்தில் இது நடுவை ஒட்டியே இருக்கும்.

எதிர்த்து நிற்பது வேறு ஆட்கள்: தூண்களும் கான்கிரீட் சுவர்களும். இவற்றில் எது விறைப்பானதோ அது அதிக எதிர்ப்பைக் கொடுக்கும். எல்லா எதிர்ப்பையும் கூட்டினால் அதற்கும் ஒரு மையம் கிடைக்கும். அதுதான் விறைப்பு மையம். அந்தப் புள்ளி வழியாகத் தள்ளினால் மாடி நேராக நகரும். வேறெங்கே தள்ளினாலும் நகர்வதோடு சுழலவும் செய்யும். கதவைக் கீல் ஓரத்தில் தள்ளினால் அசையாது, கைப்பிடியருகே தள்ளினால் திரும்புகிறது அல்லவா, அந்த மாதிரிதான். மத்திய வங்கியின் கீல் மேற்குக் கோடியில் இருந்தது. விசை நடுவில் விழுந்தது.

இதை எண்களில் போட்டுப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் வெளிப்படும். 24 மீட்டர் நீளமுள்ள ஒரு கட்டடம். குறுக்குவாட்டில் ஐந்து வரிசைத் தூண்-பீம் சட்டகங்கள், இடது கோடியிலிருந்து 0, 6, 12, 18, 24 மீட்டர் தூரங்களில். ஒவ்வொன்றின் விறைப்பும் 1 பங்கு என்று வைப்போம். 100 டன் பக்கவாட்டு விசை வருகிறது. நிறை மையமும் விறைப்பு மையமும் 12 மீட்டரில் ஒன்றாக இருப்பதால் கட்டடம் திருகாது. ஆளுக்கு 20 டன்.

இப்போது இடது கோடிச் சட்டகத்தோடு லிஃப்ட் சுவரைச் சேர்க்கிறோம். அதற்கு 5 பங்கு விறைப்பு. இடது கோடி 6 பங்காகிறது, மொத்தம் 10 பங்கு. ஒவ்வொரு விறைப்பையும் அதன் தூரத்தால் பெருக்கிக் கூட்டினால் 60. பத்தால் வகுத்தால் 6. விறைப்பு மையம் 6 மீட்டருக்கு நகர்ந்துவிட்டது. நிறை மையம் 12-லேயே நிற்கிறது. இடைவெளி 6 மீட்டர். 100 டன் விசை 6 மீட்டர் நெம்புகோலோடு, அதாவது 600 டன்-மீட்டர் திருகலோடு வருகிறது.

நீளவாட்டுச் சட்டகங்கள் தரும் உதவியை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், இடமிருந்து வலமாக ஐந்து சட்டகங்களும் சுமப்பது 30, 10, 15, 20, 25 டன். கூட்டினால் 100 சரியாக வருகிறது. கடைசி எண்ணைக் கவனிக்க வேண்டும். சுவரே இல்லாதபோது வலது கோடித் தூண்கள் 20 டன் சுமந்தன. மொத்த விறைப்பை இரட்டிப்பாக்கும் ஒரு சுவரைக் கட்டிய பிறகு, அதே தூண்கள் 25 டன் சுமக்கின்றன. இடது கோடி 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் வலது கோடி 25 மில்லிமீட்டர் நகரும். பலம் சேர்க்கப் போய், 24 மீட்டர் தள்ளி நிற்கும் தூணுக்குச் சுமை கூடியிருக்கிறது. வீட்டுக்காரர்களும் சில மேஸ்திரிகளும் நம்ப மறுக்கும் இடம் இதுதான்.

நிஜத்தில் நிலைமை இன்னும் மோசமாகும். வலது கோடித் தூண்கள் அதிகம் வளைந்து விரிசல் விட்டதும் அவற்றின் விறைப்பு குறையும். குறைந்தால் விறைப்பு மையம் இன்னும் இடதுபக்கம் விலகும். விலகினால் திருகல் கூடும். நடுக்கம் நீளமானதாக இருந்தால், ஒவ்வொரு ஆட்டமும் முந்தைய ஆட்டத்தின் சேதத்தைப் பிடித்துக்கொண்டு வளர்கிறது. நடுக்கத்துக்குப் பிறகு கட்டடத்தைப் பார்க்கப் போகும் பொறியாளர்கள் இதனால்தான் லிஃப்ட்டுக்கு எதிர்க்கோடியின் மூலைத் தூண்களை முதலில் பார்க்கிறார்கள். ஒரு கோடி நொறுங்கி, மறுகோடியில் சுவர்ப்பூச்சுகூட உதிராமல் இருந்தால் சந்தேகம் திருகலின் மேல்தான் விழும்.

சரி, சுவரை நடுவில் வைத்துவிட்டால்? மேலே சொன்ன கட்டடத்தில் விறைப்பு மையம் மீண்டும் 12 மீட்டருக்கு வந்துவிடும். கணக்கில் திருகல் பூஜ்யம். ஆனால் எடை ஒருபோதும் காகிதத்தில் போட்டபடி பரவுவதில்லை. ஒரு மாடியில் ஒருபக்கம் முழுக்க அலமாரிகள் வரும், மறுபக்கம் காலியான கூடமாக இருக்கும். அதனால் இந்திய நிலநடுக்கத் தரவிதியான ஐ.எஸ். 1893, கட்டடத்தின் அகலத்தில் 5 சதவீதத்தைத் தற்செயல் விலகலாகச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. நம் கட்டடத்தில் விசைக்குக் குறுக்கே கிடக்கும் பக்கம் 24 மீட்டர் என்பதால் அது 1.2 மீட்டர். அதைச் சேர்த்தால், நடுவில் சுவர் வைத்த கட்டடத்தின் ஒரு கோடி 14 மி.மீ., மறுகோடி 6 மி.மீ. நகர்கிறது. அதே சுவரைப் பாதிப் பாதியாகப் பிரித்து இரண்டு கோடிகளிலும் வைத்தால் நகர்வு 11.3, 8.7 என்று ஆகிவிடும். திருகலை எதிர்க்கும் திறன் மூன்று மடங்காகிறது. ஒரு பிடி கான்கிரீட் கூடச் சேர்க்கவில்லை. மையங்கள் பொருந்தினால் மட்டும் போதாது, பலம் வெளிவிளிம்புகளில் நிற்க வேண்டும் என்று பொறியாளர்கள் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் இதுவே.

ஒரு தளத்தின் ஒரு கோடி நகர்வது மறுகோடியைப்போல் ஒன்றரை மடங்கைத் தாண்டினால், அதை முறுக்க ஒழுங்கின்மை என்று 2016-ஆம் ஆண்டுப் பதிப்பு வகைப்படுத்துகிறது. இரண்டு மடங்கைத் தாண்டினால் வடிவமைப்பையே மாற்றச் சொல்கிறது. லிஃப்ட் ஓரத்தில் இருந்த நம் கட்டடம் ஐந்து மடங்கு. நடுவில் சுவர் வைத்ததுகூட 2.3 மடங்கு. இரு கோடிகளிலும் வைத்தது மட்டும் 1.3 மடங்கோடு தேறுகிறது.

மனாகுவாவின் மத்திய வங்கி சேதமடைந்ததற்குத் திருகல் மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. மேலே முகப்பில் நெருக்கமாக வந்த மெல்லிய தூண்கள் கீழ்மாடிகளில் தரைவரை தொடராமல், சில பெரிய தூண்களின் மேல் நிறுத்தப்பட்டிருந்தன. அது தனிக் கோளாறு. இரண்டும் சேர்ந்தபோது தப்ப வழியில்லாமல் போனது. எதிர்ப்புறக் கட்டடத்தை வடிவமைத்த டி.ஒய். லின், சுவர்க் கூடுகளைச் சமச்சீராக வைத்ததோடு நிற்கவில்லை. நான்கு கூடுகளையும் இணைக்கும் பீம்கள் பெரிய நடுக்கத்தில் முதலில் உடைந்து, சுவர்களைக் காப்பாற்றட்டும் என்று திட்டமிட்டிருந்தார். அந்தப் பீம்களில்தான் விரிசல் விழுந்தது.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினை பெரும்பாலும் லிஃப்ட்டோடு வருவதில்லை, கார்னர் மனையோடு வருகிறது. இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் ஒரு மூன்று மாடிக் கட்டடம். தெருவைப் பார்த்த இரண்டு பக்கமும் கடைகளின் ஷட்டர். பக்கத்து மனைகளை ஒட்டிய இரண்டு பக்கமும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். பொறியாளரின் கணக்கில் அந்தச் செங்கல் சுவர் வெறும் எடை. நிலநடுக்கம் அப்படிப் பார்ப்பதில்லை. தூண்களுக்கு நடுவே இறுகக் கட்டிய செங்கல் சுவர், உடையும்வரை நல்ல விறைப்போடு நிற்கும். விறைப்பு மையம் உள்மூலையை நோக்கி ஓடிவிட, தெருமுனையில் நிற்கும் ஒற்றைத் தூண் எல்லாவற்றையும்விட அதிகமாக ஆட வேண்டியிருக்கும். 1985-இல் மெக்சிகோ நகர நடுக்கத்தில் விழுந்த கட்டடங்களில் தெருமுனைக் கட்டடங்கள் கணிசமாக இருந்தன. சென்னையை 2002-ஆம் ஆண்டுத் திருத்தம் இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தியது. நடுத்தர ஆபத்துள்ள மண்டலம்தான், ஆனால் கணக்கிலிருந்து விட்டுவிடக்கூடிய மண்டலமல்ல.

கட்டிய பிறகு வரும் மாற்றங்களும் இதே வேலையைச் செய்யும். திறந்த கார் நிறுத்துமிடத்தின் ஒருபக்கத்தில் மட்டும் சுவர் எழுப்பி வாட்ச்மேன் அறை, குடோன் என்று ஆக்கினால், வரைபடத்தில் பொருந்தியிருந்த மையங்கள் தளத்தில் பிரிந்துவிடும்.

புதிதாகக் கட்டுகிறவர்கள் கேட்டுப் பெறக்கூடிய ஒரு சான்று இருக்கிறது. பொறியாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் ETABS மென்பொருள், ஒவ்வொரு மாடிக்கும் நிறை மையத்தை XCM, YCM என்றும் விறைப்பு மையத்தை XCR, YCR என்றும் ஒரே அட்டவணையில் தருகிறது. XCM-க்கும் XCR-க்கும் என்ன வித்தியாசம், YCM-க்கும் YCR-க்கும் என்ன வித்தியாசம் என்று கழித்துப் பார்க்கப் பள்ளிக் கணக்கு போதும். கட்டடம் முதலில் எப்படி ஆடுகிறது என்பதையும் திரையில் ஓட்டிக் காட்டச் சொல்லலாம்: முதல் ஆட்டமே பக்கவாட்டில் போகாமல் சுழலாக வந்தால், லிஃப்ட்டையும் படியையும் இடம் மாற்றச் சொல்லுங்கள். அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும் முன் அதற்குச் செலவாவது ஒரு புதிய வரைபடம் மட்டும்தான்.