ரிலீவிங் லெட்டர் மட்டும் போதாது... பி.எம்.பி விண்ணப்பத்துக்கு மேனேஜரின் கையெழுத்து ஏன் முக்கியம்?

ஐ.டி, கட்டுமானம், உற்பத்தி எனப் பல துறைகளில் இருப்பவர்கள் பதவி உயர்வுக்காகக் குறிவைக்கும் சான்றிதழ், பி.எம்.பி. அமெரிக்காவின் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் இன்ஸ்டிட்யூட் தரும் இந்தச் சான்றிதழுக்குப் பரீட்சை எழுதினால் மட்டும் போதாது. நான்காண்டுப் பட்டம் பெற்றவர் என்றால், 36 மாதங்கள் ப்ராஜெக்ட்டை முன்னின்று நடத்திய அனுபவமும் இருக்க வேண்டும்.

பலரும் பரீட்சைக்கு விழுந்து விழுந்து படிக்கிறார்கள். அனுபவப் பகுதியை மட்டும் கடைசி நாள் இரவில் நிரப்புகிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

விண்ணப்பங்களில் சிலவற்றை அந்த அமைப்பு ஆடிட்டுக்கு எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்கப்பட்டால் பட்டச் சான்றிதழ், பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றோடு, ஒவ்வொரு ப்ராஜெக்ட்டுக்கும் அதை நேரில் அறிந்த மேலதிகாரியின் உறுதிமொழியும் தர வேண்டும். அவகாசம் 90 நாள்கள். ஆடிட் முடியும்வரை பரீட்சைக்குத் தேதி வாங்க முடியாது.

'அதான் ஹெச்.ஆர் கொடுத்த ரிலீவிங் லெட்டர் இருக்கிறதே' என்று தோன்றலாம். அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவியின் பெயர் இருக்கும், அவ்வளவுதான். வேலையை நடத்தியது நீங்களா, நடத்தியவருக்குக் கீழே இருந்தீர்களா என்பது ஹெச்.ஆருக்குத் தெரியாது. அதைச் சொல்லக்கூடியவர் மேனேஜர்தான். அவர் கையெழுத்துப் போடுவதும் 'நல்ல பையன், நன்றாக உழைப்பார்' என்ற பாராட்டுக்கு அல்ல. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய வரிகளைப் படித்துப் பார்த்து, 'இது உண்மை' என்று ஒப்புக்கொள்வதற்கு.

ஓர் உதாரணம் பார்க்கலாம். கோவையில் பம்ப் தயாரிக்கும் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதிய அசெம்ப்ளி லைன் அமைத்தது 2021 ஜனவரி முதல் டிசம்பர் வரை, 12 மாதங்கள். சோதனைக்கூடம் கட்டியது 2021 அக்டோபர் முதல் 2022 செப்டம்பர் வரை, அதுவும் 12. பிறகு ஒரு வாடிக்கையாளரின் ஆலையில் பம்ப்களை நிறுவியது 2023 ஜனவரி முதல் 2024 பிப்ரவரி வரை, 14. கூட்டினால் 38. 'தாராளமாகத் தேறிவிடும்' என்று நினைப்பார்.

ஆனால், 2021 அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் நடந்திருக்கின்றன. அந்த மாதங்களை ஒருமுறைதான் கணக்கில் சேர்க்க முடியும். உண்மையான அனுபவம் 35 மாதங்கள். ஒரே ஒரு மாதம் குறைகிறது! அவர் இன்னொரு ப்ராஜெக்ட்டைச் சேர்த்தாக வேண்டும். இல்லையென்றால் காத்திருக்க வேண்டும்.

அடுத்து, எழுதும் விதம். 'அசெம்ப்ளி லைன் அமைக்கும் பணியில் பங்கேற்றேன்' என்று எழுதினால், அது உடனிருந்தவரின் வேலை. அட்டவணை போட்டது யார், கான்ட்ராக்டர்களை ஒருங்கிணைத்தது யார், செலவு எகிறியபோது மாற்றுவழி சொன்னது யார் என்பதைத்தான் எழுத வேண்டும். அதற்காக மேனேஜர் செய்ததையெல்லாம் தன் கணக்கில் எழுதிவிட்டால், கையெழுத்துப் போட வேண்டியவரே அவர்தானே... எப்படிப் போடுவார்?

இதற்கு எளிய வழி, விண்ணப்பத்தை அனுப்பும் முன்பே அவரிடம் காட்டிவிடுவதுதான். 'சார், அசெம்ப்ளி லைன் வேலையைப் பத்தி விண்ணப்பத்துல இப்படி எழுதியிருக்கேன். தேதியும் விவரமும் சரியானு ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா? ஆடிட் வந்தா உங்களைத்தான் கேட்பாங்க' என்று ஒரு மெயில் போதும். அவர் ஏதாவது ஒரு வரியைத் திருத்தினால், அதைத் திருத்தியே அனுப்புங்கள். அனுப்பிய பிறகு ஆடிட் சமயத்தில் அந்த வரியில் அவர் தயங்கினால்தான் தலைவலி.

மேனேஜர் அந்த நிறுவனத்திலேயே இப்போதும் இருக்க வேண்டும் என்பதில்லை. வேலை மாறிப் போனவரும் தான் கண்காணித்த ப்ராஜெக்ட்டுக்கு உறுதி தரலாம். அவரைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால், அந்த வேலையை நெருக்கமாக அறிந்த சக ஊழியரோ வாடிக்கையாளரோ தரலாம். நம் பொறியாளரின் மூன்றாவது வேலைக்கு அந்த ஆலையின் அதிகாரியே பொருத்தமானவர்.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகும் ஆடிட் செய்யும் உரிமை அந்த அமைப்புக்கு உண்டு. எனவே, மேனேஜர் விடைபெறும் நாளில் கேக் வெட்டி போட்டோ எடுப்பதோடு நிற்காமல், அவருடைய சொந்த இ-மெயில் முகவரியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக முகவரி அன்றைக்கே முடங்கிவிடும்.