பத்தாயிரம் பாதைகளில் ஒரு பங்கு விலை

பங்கு விலையின் அன்றாட மாற்றத்தை, சிறிய நிலையான ஒரு போக்கும் அதன்மேல் விழும் தற்செயலான ஓர் அசைவும் சேர்ந்ததாகக் கொள்வதே தற்செயல் நடை மாதிரி. இதற்கு இரண்டு எண்கள் போதும்: விலை ஆண்டுக்குச் சராசரியாக எவ்வளவு வளரும், எவ்வளவு ஆடும்.

இன்று 100 ரூபாய்க்கு விற்கும் ஒரு பங்கின் போக்கு 12 சதவீதம், ஏற்ற இறக்கம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆண்டில் வர்த்தக நாட்கள் சுமார் 252. ஏற்ற இறக்கம் காலத்தின் வர்க்கமூலத்தோடு வளர்வதால், 30-ஐ 252-இன் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். ஒரு நாள் அசைவு 1.89 சதவீதம் என்று கிடைக்கும். போக்கை அப்படியே 252-ஆல் வகுக்கக் கூடாது. 30 சதவீதம் ஏறிப் பிறகு 30 சதவீதம் இறங்கினால் 100 ரூபாய் 91 ரூபாயாகிவிடும். ஆட்டமே வளர்ச்சியைக் கொஞ்சம் தின்கிறது. அந்தக் கழிவு ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தில் பாதி, இங்கே 4.5 சதவீதம். மீதி 7.5 சதவீதம் நாளுக்கு 0.03 சதவீதமாகிறது.

```
நாளைய விலை = இன்றைய விலை × exp(0.0003 + 0.0189 × Z)
```

Z என்பது இயல்நிலைப் பரவலிலிருந்து கணினி எடுக்கும் தற்செயல் எண். 252 முறை இப்படி நகர்த்தினால் ஓராண்டுக்கான ஒரு பாதை. அதையே 10,000 தடவை செய்து, கடைசி நாள் விலைகளை வரிசைப்படுத்தினால் பரவல் தெரியும்.

அவற்றின் சராசரி ஏறக்குறைய 112.75 ரூபாய். ஆனால் நடுவில் நிற்கும் விலை 108 ரூபாய்தான். 200, 250 ரூபாயைத் தொடும் சில பாதைகள் சராசரியை மேலே இழுத்துவிடுகின்றன. ஆகவே சராசரியை ‘வழக்கமாகக் கிடைக்கும் விலை’ என்று படிப்பது தவறு. பத்தில் ஒன்பது பாதைகள் 66 ரூபாய்க்கும் 177 ரூபாய்க்கும் இடையே முடிகின்றன. 12 சதவீதம் வளரும் பங்கிலும் நூற்றுக்கு 40 பாதைகள் நஷ்டத்தில்தான் முடிகின்றன.

பரவலின் ஓரங்களை நம்புவதற்கில்லை. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் ஏறக்குறைய 13 சதவீதம் வீழ்ந்தது. மேலே கண்ட பங்குக்கே அது ஒரு நாள் அசைவைப்போல ஏழு மடங்கு. இந்த மாதிரியில் அப்படியொரு நாள் வரவே வராது எனலாம்.

அதைவிடப் பெரிய குறை போக்கில் இருக்கிறது. ஏற்ற இறக்கத்தைச் சில மாத விலைகளிலிருந்தே ஓரளவு சரியாகக் கணிக்கலாம். போக்கு அப்படியல்ல: பத்தாண்டு விலைகளை வைத்துக் கணக்கிட்டாலும் அதன் திட்டப்பிழை 9.5 சதவீதம். அந்த 12 உண்மையில் 2 ஆகவும் இருக்கலாம், 22 ஆகவும் இருக்கலாம். பாதைகளை 10 லட்சமாக்கினாலும் இந்தப் பிழை குறையாது. போக்கைச் சுழியமாக்கி ஓட்டினால் நஷ்டத்தில் முடியும் பாதைகள் 40-லிருந்து 56 சதவீதமாகிவிடும். இத்தகைய படத்தை யாராவது காட்டினால், போக்குக்கு அவர் போட்ட எண் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் கேளுங்கள்.