பேச்சுக்குப் பின் ஒரு மின்னஞ்சல்

திருவொற்றியூர்ப் பட்டறைக்காரர் ஒருவர், எண்ணூர் ஆலையொன்றின் கொள்முதல் அதிகாரியிடம் 40 ஃபிளாஞ்சுகளுக்காகத் தொலைபேசியில் பேசி முடிக்கிறார் என்று கொள்வோம். அன்று மாலைக்குள் அவர் ஒரு மின்னஞ்சல் எழுதிவிட வேண்டும் என்பேன்.

முதலில் ஆலையின் தேவை: எத்தனை, எதற்கு, எந்த நாளுக்குள். அடுத்து, யார் எதை ஏற்றார்கள் என்பது: ஆலை வெள்ளிக்கிழமைக்குள் வரைபடம் அனுப்பும், பட்டறை திங்களன்று விலைப்புள்ளி தரும், ஆணை வந்தபின் 21 நாள்களில் சரக்கு. இறுதியாக, அடுத்த பேச்சுக்கான நாள். 'வரைபடம் தாமதித்தால் மற்ற நாள்களும் அதற்கேற்பத் தள்ளிப்போகும்' என்ற வரி விடுபட்டால், ஆலையின் தாமதத்துக்கும் பட்டறையே பழி சுமக்கும்.

இத்தகைய கடிதங்களுக்குச் சட்ட வலிமையும் உண்டு. பாக்சைட் விற்பனை குறித்த டிரைமெக்ஸ் - வேதாந்தா வழக்கில், மின்னஞ்சல்களிலேயே முக்கிய நிபந்தனைகள் ஏற்கப்பட்டுவிட்டதால், முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகாவிட்டாலும் உடன்பாடு செல்லும் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, முடிவாகாத விலையை முடிவானதுபோல் எழுதுவது ஆபத்து. 'விலை, கொள்முதல் ஆணைக்குப் பிறகே உறுதி' என்று வெளிப்படையாகக் குறிப்பிட வேண்டும்.

மௌனம் சம்மதம் என்பது வழக்கு; ஒப்பந்தச் சட்டத்தில் மௌனம் பொதுவாக ஏற்பாகாது. எனவே, 'பிழை இருந்தால் திருத்துக. சரியெனில் ஒரு வரியில் உறுதி செய்க' என்று கேட்டு முடிப்பதே முறை. இரு நாள்களில் பதில் வராவிட்டால், இரும்புத் தகடு வாங்குவதற்கு முன் மீண்டும் தொலைபேசியை எடுக்க வேண்டும்.