ஸ்லைடுக்கு ஸ்லைடு மாறும் எழுத்தளவு

பவர்பாயிண்ட்டில் புதிதாக ஒரு ஸ்லைடைத் திறந்தால், உள்ளடக்கப் பெட்டியின் முதல்நிலை எழுத்து வழக்கமாக 28 புள்ளி அளவில் இருக்கும். வரிகள் பெட்டியைத் தாண்டத் தொடங்கியதும், மென்பொருள் யாரையும் கேட்காமல் எழுத்தைச் சுருக்கும். வரி இடைவெளியையும் சேர்த்துக் குறைக்கும். Shrink text on overflow என்ற இந்த வசதி ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியாகக் கணக்கிடுகிறது. அதனால்தான் அளவு எங்கும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

நான்கு வரி உள்ள ஸ்லைடில் எழுத்து 28 புள்ளியாகவே நிற்கும். சற்று நிறைந்த ஸ்லைடில் 92.5 சதவீதமாகச் சுருங்கினால் 25.9 ஆகும். மிகவும் நிரம்பிய ஸ்லைடில் 70 சதவீதம் என்றால் 19.6 தான். அதே பெட்டியில் 24 புள்ளியில் இருந்த இரண்டாம்நிலை வரி 16.8க்கு இறங்கிவிடும், பின்வரிசையில் இருப்பவர் அதைப் படிக்கத் திணறுவார். எழுத்தின் மேல் சொடுக்கி, Home பகுதியில் உள்ள அளவுக் கட்டத்தைப் பார்த்தால் 25.9 போன்ற தசம எண் தெரியும். யாரும் கையால் இட்டிருக்க மாட்டார்கள் என்பதால், சுருக்கம் நடந்திருப்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

அந்தக் கட்டத்தில் எல்லா ஸ்லைடுக்கும் 24 என்று கையால் இடுவதுதான் பலரும் செய்வது. அது நிலைக்காது. சுருக்கும் வசதி இயங்கும்வரை, இன்னொரு வரி சேர்ந்ததும் அளவு மீண்டும் நகரும்.

திருத்தத்தை மூலத்தில் செய்ய வேண்டும். முதலில், அதிகம் நிரம்பிய ஸ்லைடைப் பார்த்து ஓர் அளவை முடிவுசெய்யலாம்: முதல்நிலைக்கு 24, இரண்டாம்நிலைக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். View பகுதியில் Slide Master திறந்து, இடப்பக்கம் மேலே உள்ள பெரிய ஸ்லைடின் உள்ளடக்கப் பெட்டியில் இந்த அளவுகளை இட வேண்டும். பிறகு அந்தப் பெட்டியின் விளிம்பில் வலச்சொடுக்கி, Format Shape வழியாக Text Box பகுதிக்குச் சென்று Do not Autofit தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே உள்ள சில தளவமைப்புகளுக்குத் தனி எழுத்தளவு இருக்கும். பயன்படுத்துபவற்றை மட்டும் சரிபார்த்தால் போதும்.

பழைய ஸ்லைடுகள் தங்கள் சுருக்கத்தை விடாமல் வைத்திருக்கும். வழக்கமான காட்சிக்குத் திரும்பி, இடப்பக்கச் சிறுபடங்களை எல்லாம் தேர்ந்தெடுத்து, Home பகுதியில் Reset அழுத்த வேண்டும். கையால் மாற்றிய நிறமும் பெட்டியின் இடமும் இதில் போய்விடலாம். முன்னதாகக் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துவைப்பது நல்லது. அதன்பிறகும் ஏதேனும் ஒரு பெட்டி அடம்பிடித்தால், அதிலேயே Do not Autofit இட வேண்டும்.

இப்போது சில ஸ்லைடுகளில் வரிகள் பெட்டிக்கு வெளியே வழியும். இத்தனை நாளும் சுருக்கம் மறைத்துவைத்திருந்த உண்மை அதுதான்: அந்த ஸ்லைடில் விஷயம் அதிகம். Ctrl+D அழுத்தி ஸ்லைடை இரட்டித்து, ஒன்றில் மேல்பாதியையும் மற்றதில் கீழ்பாதியையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆங்கில ஸ்லைடைத் தமிழாக்கும்போது சொற்கள் நீள்வதால், இப்படிப் பிரிக்கும் தேவை கூடுதலாகவே வரும்.